பதினாலாவது வாக்கியம்

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒரு பெண்மணியிடம்தான் லட்சக்கணக்கான கார்களுக்கு வழி சொல்லும் வேலையை ஒப்படைத்திருந்தார்கள். இந்த வேடிக்கையை முதலில் சொல்லிச் சிரித்தவள் அவளேதான். பிறர் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது அவளுடைய தற்காப்பு. அதுவரை அவள் தமிழாக்கியதெல்லாம் துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாள், லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்கிற பலகை. இப்போது காரின் திரைக்குள்ளிருந்து பேசப்போகும் குரலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுத வேண்டும்.

முதல் நாள் எழுதிய பத்து வாக்கியங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் ஒரு தொழிற்சாலையின் வேன் ஓட்டுநர். ஷிப்டுக்கு வரும் ஆட்களை வீட்டுத் தெருக்களிலிருந்து அள்ளிக்கொண்டு போய் இறக்கி, வேலை முடிந்தவர்களைத் திரும்ப அள்ளி வருவார். பத்தொன்பது வருஷமாக அதே வேலை, அதே வழி.

"எண்ணூறு மீட்டர் தொலைவில் வலப்புறம் திரும்பி, பிரதான சாலையில் இணையவும்" என்று வாசித்தாள்.

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏன் டீச்சர், இது வழி சொல்லுதா, தீர்ப்பு வாசிக்குதா?"

அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் அவர் எழுதிய கடிதமொன்றில் பிழை திருத்தித் திருப்பி அனுப்பியதற்குக் கிடைத்த பட்டம் அது.

"எப்படிச் சொல்லணுமாம்?"

"வலப்புறம், இடப்புறம்னு சொன்னா ஹாரன் சத்தத்துல 'புறம்' மட்டும்தான் காதுல விழும். எந்தப் புறம்னு கேக்கறதுக்குள்ள முன்னாடி போற லாரிக்குள்ள போயிருப்பேன். ரைட்டு, லெஃப்ட்டுனு சொல்லு. எங்க ஆளுங்க வேற எப்படியும் சொல்றதில்ல."

அவளுக்கு மூக்கு உடைந்தது. உடைந்த மூக்கோடு எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர்தான் அவளுடைய காது. "ஒன்று புள்ளி ஐந்து கிலோமீட்டர்" என்று அவள் வாசித்தால், "காய்ச்சல் பாக்கறியா? ஒண்ணரைனு சொல்லேன்" என்பார். ஒன்றரை, இரண்டரை எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்லி, வழிகாட்டிக் கருவி செய்யும் நிறுவனத்துக்கு எழுதினாள். தெருப்பெயரை முதலில் சொல்லி, திரும்பச் சொல்வதைக் கடைசியில் வைத்தது அவளுக்கு அழகான தமிழாகத்தான் பட்டது. "அறுபதுல போற வண்டி ஒரு செகண்டுக்குப் பதினேழு மீட்டர் ஓடும். அந்தத் தெருப் பேரு முடியறதுக்குள்ள தெருவே முடிஞ்சிடும்" என்றார் அவர். "ரைட்ல திரும்புங்க" முன்னுக்கு வந்தது. "ஆஸ்பத்திரி ரோடு" வாலாகப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

வழி தப்பியவருக்குச் சொல்லும் வாக்கியத்தில்தான் சண்டையே வந்தது. "நீங்கள் தவறான பாதையில் செல்கிறீர்கள்" என்று எழுதியிருந்தாள்.

"ஏன் குத்திக் காட்டற? வழி தப்பினவன் ஏற்கெனவே நொந்து போயிருப்பான்."

"அப்போ என்ன, கொஞ்சணுமா?"

"பரவாயில்ல, வேற வழி இருக்குன்னு சொல்லு. அவ்வளவுதான்."

அப்படியே எழுதி அனுப்பினாள். நிறுவனம் "பரவாயில்ல"வை வெட்டிவிட்டது. அதைச் சொல்ல ஒரு நொடி ஆகுமாம், பதினேழு மீட்டர் வீணாம். அவள் மூன்று கடிதம் எழுதிப் போராடித் தோற்றாள். மிஞ்சியது "வேற வழி இருக்கு" மட்டும்.

வாக்கியங்கள் தயாரானதும் சாலையில் சோதனை. ஒரு தற்காலிகக் குரலை ஏற்றிய காரை மூன்று ஓட்டுநர்கள் தனித்தனியாக ஓட்ட வேண்டும். வேலை இல்லாத காலைகளில் அந்த மூவரில் ஒருவராக ஓட்டுவதாக அவர் முன்வந்தார். "பொண்டாட்டி பேச்சக் கேட்டு வண்டி ஓட்டறதுக்குச் சம்பளமும் தர்றான்னா யாராவது விடுவாங்களா?" என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்தாள்.

சோதனையை நடத்தியவன் ஓர் இளம் பொறியாளன். எப்போதும் பின்சீட்டில் மடிக்கணினியோடு சுருண்டிருப்பதால் கணவர் அவனுக்குப் 'பின்சீட்டு' என்று பெயர் வைத்தார். அவனும் "சொல்லுங்கண்ணே" என்று அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் குரல் மூன்று முறை பேசும். எண்ணூறு மீட்டருக்கு முன் ஒன்று, முந்நூறில் ஒன்று, திருப்பத்தின் வாசலில் ஒன்று. இரண்டாவது சுற்றில் அவன் நடுவிலுள்ளதை அணைத்துவிடுவான். முதலில் கேட்ட வாக்கியம் நடுவில் உதவியில்லாமல் மனதில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு. எழுத்து நன்றாக இருந்தால் நிற்கும் என்பது கணக்கு. எந்த வாக்கியம் தவறியது என்ற பட்டியல் மட்டும்தான் அவளுக்கு வரும், யார் தவறவிட்டார் என்பது வராது. மொழிபெயர்ப்பவர் ஒருத்தருக்காக வாக்கியத்தை வளைத்துவிடக் கூடாதென்று அப்படி ஒரு விதி.

முதல் பட்டியலில் ஒரே ஒரு வாக்கியம் சிவப்பாக வந்தது. பதினாலாவது.

அது மேம்பாலத்து வாக்கியம். சாலை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். நேராகப் போனால் பாலத்தில் ஏறிவிடும். ஏறினால் மூன்று கிலோமீட்டர் தாண்டித்தான் இறங்க முடியும். ஊருக்குள் போகிறவர் முன்கூட்டியே ஓரம் கட்டி, பாலத்துக்குக் கீழே ஓடும் சைடு ரோட்டைப் பிடிக்க வேண்டும். அவள் முதலில் எழுதியது "மேம்பாலத்தில் ஏறாமல்" என்று தொடங்கியது. அதைக் காகிதத்தில் பார்த்தபோதே அவர் சிரித்துவிட்டார். "பாலம்னு காதுல விழுந்ததும் கை தானா ஏத்திடும். ஏறாதேன்னு சொல்றதுக்குப் பதிலா எங்க போகணும்னு சொல்லு." அதனால் சோதனைக்குப் போனது இரண்டாவது வடிவம்: "எண்ணூறு மீட்டர்ல பாலத்துக்குக் கீழ போங்க. லெஃப்ட் சைடு ரோடு."

அதுவும் தவறியது.

"பாலத்துல ஏறிட்டேன் டீச்சர்" என்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றியபடி சொன்னார். "மேல ஏறினா கீழ வர்றதுக்கு ஊரச் சுத்தணும். பின்சீட்டு பாவம், டப்பாவத் திறந்து அங்கயே மதியச் சாப்பாட்ட முடிச்சிட்டான்."

"மத்த ரெண்டு பேரும் ஏறிட்டாங்களா?"

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். ஒரு முறை மாட்டி, எடுத்து, மறுபடி மாட்டினார். "எல்லாரும்தான். உன் வாக்கியம்தான் சரியில்ல."

அவளுக்கு அது போதும். உலகத்தில் எது தவறினாலும் அது தன் வாக்கியத்தால்தான் என்று நம்புவதற்கு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல பயிற்சி. உட்கார்ந்து மாற்றினாள். தூரத்தைப் பின்னால் தள்ளினாள், தவறியது. "சைடு ரோடு" என்று இரண்டு முறை சொன்னாள், தவறியது. "பாலம்" என்ற சொல்லையே எடுத்துவிட்டாள். அடையாளத்துக்குப் பெட்ரோல் பங்க்கைச் சேர்த்தாள்; எல்லா ஊரிலும் அதே இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்காது என்று நிறுவனம் நீக்கியது. ஒவ்வொரு முறையும் அவர் வந்து, "இன்னைக்கும் ஆகாயத்துலதான்" என்றார். ஏழாவது வடிவத்தில் மிச்சமிருந்தது "ஓரமா வாங்க. கீழ போங்க" மட்டும். தீர்ப்பு வாசிப்பது போல இருந்த தமிழ், வாத்தியார் மிரட்டுவது போல ஆகியிருந்தது.

அந்த வாரங்களில் அவர் புதிதாக ஒன்று பழகியிருந்தார். கடைக்குப் போனாலும் "நீயும் வாயேன், பேச்சுத் துணைக்கு" என்பார். இருபத்தாறு வருஷம் கழித்துப் புருஷனுக்குப் பாசம் பொங்குகிறது என்று அவள் மனதுக்குள் கூச்சப்பட்டுக்கொண்டாள். நல்ல சேலை உடுத்திக்கொண்டும் போனாள்.

ஒலிப்பதிவு நாள் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுக்கும் பெண் வெந்நீரைக் குடித்தபடி தொண்டையைச் சரி செய்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவளும் பொறியாளனும். பதினாலாவது வாக்கியத்துக்கு எட்டாவது வடிவத்தை அவள் கையில் எழுதி வைத்திருந்தாள்.

"அக்கா" என்றான் பொறியாளன். "ரெண்டாவது வடிவத்தையே பதிவு பண்ணிடலாம்."

"அது தவறினதாச்சேப்பா. ஆறு தடவ மாத்தியும் தவறுது. நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லனு எழுதிக் கொடுத்துடட்டுமா?"

அவன் சிரிக்கவில்லை. அவள் சொல்லும் எல்லாவற்றுக்கும் சிரிக்கிற பையன். 

"விதிப்படி இத உங்களுக்குக் காட்டக் கூடாது" என்று கணினியை அவள் பக்கம் திருப்பினான். பதினாலாவது வாக்கியத்தின் முழுப் பட்டியல். ஓட்டுநர் ஒன்று, ஓட்டுநர் இரண்டு, ஓட்டுநர் மூன்று. ஒன்றும் மூன்றும் மேலிருந்து கீழ்வரை பச்சை. இரண்டாவது வடிவத்திலேயே பச்சை. ஓட்டுநர் இரண்டு மட்டும் சிவப்பு.

"நடு அறிவிப்பு இருந்தா அண்ணன் சரியாப் போயிடறார்க்கா. காதுல கோளாறு இல்ல. அத அணைச்சா, பாதி வழிலயே..." அவன் விரலால் மேசையைத் தேய்த்தான். "போன வாரம் என்கிட்ட, 'தம்பி, நாம எங்க போறோம்'னு கேட்டார். விளையாட்டுக்குக் கேக்கறார்னு நெனச்சேன். அவர் விளையாட்டுக்குத்தான எல்லாம் சொல்லுவார்."

"மத்த திருப்பமெல்லாம்?"

"மத்ததுல எல்லாம் கடைசி அறிவிப்பு காப்பாத்திடுது. பாலத்துல மட்டும்தான் முன்னாடியே ஞாபகம் வச்சிருக்கணும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தருக்காக வாக்கியத்தை வளைக்கக் கூடாது என்பது விதி. விதி போட்டவர்கள் பெயரைத்தான் மறைத்தார்கள். அவள் பெயர் தெரியாமலே ஒன்றரை மாதம் ஒருத்தருக்காகத்தான் வளைத்திருக்கிறாள். நல்ல வாக்கியத்தைப் பிய்த்துப் பிய்த்து, கையளவு ஞாபகத்துக்குள் நுழைகிற அளவுக்குச் சின்னதாக்கியிருக்கிறாள். அப்படியும் நுழையவில்லை.

"ரெண்டாவதையே பதிவு பண்ணுங்க" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தொண்டை சரியான குரல், பாலத்துக்குக் கீழே போகச் சொன்னது. எவ்வளவு தெளிவான வாக்கியம் அது. யாராலும் மறக்க முடியாது.

தொழிற்சாலையின் வேன் நிற்கும் கொட்டகைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. அடுத்த ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் வாளியும் துணியுமாகப் பின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், ஆய்வுக்கு வந்தியா? முன்னாடியே சொல்லியிருந்தா வண்டிக்குப் பொட்டு வச்சிருப்பேன்."

அவள் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள், ஓட்டுநர் இருக்கையில். வாழ்நாளில் முதல் தடவையாக. வெயிலில் கண் கூசியது. மேலே மடிந்திருந்த வெயில் தடுப்பைக் கீழே இழுத்தாள்.

அதன் பின்பக்கம் ரப்பர் பேண்டில் ஓர் அட்டை செருகியிருந்தது. அவருடைய கோணல் கையெழுத்து.

'கேட்டை விட்டு வெளிய வந்ததும் லெஃப்ட்ல திரும்புங்க. ஒண்ணரை கிலோமீட்டர் நேரா போங்க. ரவுண்டானால ரெண்டாவது வழியா வெளிய போங்க. தண்ணித் தொட்டி, மூணு பேரு. முந்நூறு மீட்டர்ல ரைட்ல திரும்புங்க. ஆஸ்பத்திரி ரோடு.'

முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். பத்தொன்பது வருஷமாக ஓட்டிய வழி. அவளுடைய வாக்கியங்களில். அவள் மேசையில் வாசித்துக் காட்டியதை, அவர் திருத்திக் கொடுத்ததை, அப்படியே எடுத்துத் தன் வழிக்கு எழுதி வைத்திருக்கிறார். அட்டையின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

அவர் ஈரக் கையோடு ஜன்னலருகே வந்து நின்றார். அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எழுத்துப் பிழை பாக்கறியா?" என்றார்.

"எத்தன நாளா?"

"தெரியல. மழைக்காலத்துல ஒரு நாள் ரவுண்டானாவுல ரெண்டு சுத்துச் சுத்தினேன். உள்ள இருந்தவங்க, அண்ணன் இன்னைக்கு குஷியா இருக்கார்னு கை தட்டினாங்க. நானும் ஒரு சுத்து சேத்துச் சுத்தினேன்." துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. "போன மாசம் தண்ணித் தொட்டில மூணு பேர ஏத்தாமலே வந்துட்டேன். ஞாபகமே இல்ல."

"எல்லாரும் பாலத்துல ஏறினாங்கன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"நான் ஒண்ணரை மாசம் என் எழுத்தத்தான் திட்டிட்டு இருந்தேன்."

"உன் எழுத்து எவ்வளவு திட்டு வாங்கினாலும் தாங்கும்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். "அந்த மெஷின் சீக்கிரம் வந்துட்டா, வேன்ல ஒண்ணு மாட்டிடலாம்னு பாத்தேன். நீ எழுதினது. நீ சொன்னா மறக்காதுன்னு தோணுச்சு. மூணு தடவதான் சொல்லுதே. நடுவுல அணைக்கறது பின்சீட்டோட விளையாட்டு. கடையில விக்கும்போது அணைக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"அப்போ ஓட்டலாம்."

கேள்வியாகத்தான் கேட்டார். கல்யாணத்துக்குப் பின் அவளிடம் அவர் அனுமதி என்று எதுவும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். பதினேழு மீட்டர்.

"என்னங்க, குறுக்க ஒரு குழந்த ஓடி வந்தா அது சொல்லாது. பிரேக்க மிதின்னு நான் எழுதல. அப்படி ஒரு வாக்கியமே பட்டியல்ல இல்ல."

அவர் வாளியைப் பார்த்தார். கலங்கிய தண்ணீரில் கொட்டகையின் தகரக் கூரை ஆடியது.

"அதெல்லாம் மறக்காது எனக்கு" என்றார், மெதுவாக.

"இன்னைக்கு மறக்காது."

 வேடிக்கையாக ஏதாவது சொல்லிவிடலாமென்று தேடினாள். இத்தனை வருஷம் அடிக்கடி எடுத்துப் போட்ட டப்பா காலியாக இருந்தது.

அவர் சக்கரத்தின் மிச்சத்தையும் துடைத்து முடித்தார். வாளியைக் கவிழ்த்தார். துணியை உதறிக் கம்பியில் காயப் போட்டார். பிறகு மேற்பார்வையாளரின் அறைக்குப் போனார். அவள் வேனிலிருந்து இறங்கி, அறையின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல, மேற்பார்வையாளர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார். சாவி மேசையின் மேல் வைக்கப்பட்டது. மேற்பார்வையாளர் அதை எடுக்காமல் நின்றார்.

வெளியே வந்த கணவர் வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அட்டைய எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"எடுத்துட்டேன்."

"புதுசா வர்றவனுக்கு வேணும். அங்கயே வச்சிடு."

அவள் மறுபடி ஏறி, அதே இடத்தில் செருகி வைத்தாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள். மருந்துக் கடையைத் தாண்டி இரண்டாவது லெஃப்ட். அரை கிலோமீட்டர்கூட இருக்காது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார், வண்டி ஓட்டாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல.

"வழி சொல்லிட்டு வா" என்றார். "ஆனா முன்கூட்டியே சொல்லாத. நடுவுல போயிடும். திரும்பற எடத்துல சொன்னா போதும்."

"சரிங்க."

சைக்கிள் கடை வந்தது, மருந்துக் கடை வந்தது. நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும். மகளுக்கு போன் செய்ய வேண்டும், அவளிடம் எந்த வாக்கியத்தை முதலில் சொல்வது, எதை வாலாக ஒட்டுவது. எண்ணூறு மீட்டருக்கு முன்னாலேயே சொல்லிவிடலாமா, அல்லது கடைசித் திருப்பத்தில் சொன்னால் போதுமா. முன்னால் இருந்த தெரு கலங்கிக் கலங்கித் தெரிந்தது. அவள் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து நடந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல், அவள் சொல்வதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

நீண்ட மதில் ஒன்று குறுக்கே வந்து வழியை மறித்தபோதுதான் நின்றாள்.

"தாண்டி வந்துட்டோம்" என்றாள்.

"யாரு, நானா?"

"நான்தான். சொல்ல மறந்துட்டேன்."

அவர் மதிலைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார். பிறகு, ஒலிப்பதிவிலிருந்து வெட்டப்பட்ட சொல்லையும் சேர்த்து, ஒரு வார்த்தைகூடக் குறையாமல் சொன்னார்:

"பரவாயில்ல டீச்சர். வேற வழி இருக்கு."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார், எந்தப் பக்கம் என்று அவள் சொல்வதற்காக.